சம்பளம் இரண்டு தவணையாக: நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கோவை பக்கம் பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு யூனிட்டுகளில் சம்பளம் தட்டுப்பட்டால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சரக்கு போய்விட்டது, பில்லும் பாஸ் ஆகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. லாபம் ஏட்டில் இருக்கும், பேங்கில் இருக்காது. அந்த மாதம் முதலாளி பேரோல் பார்ப்பவரைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை ரெண்டா பிரிச்சுக் குடுத்துரலாம், ஒரு நோட்டீஸ் போட்டுருங்க" என்பார். அப்போது வழக்கமாக எழுதப்படும் நோட்டீஸ் மூன்றே வரி. தவிர்க்க முடியாத காரணங்களால் சம்பளம் இரு தவணையாக வழங்கப்படும், இரண்டாம் தவணை விரைவில் தரப்படும், ஊழியர்கள் ஒத்துழைக்க வேண்டும்.

இந்த மூன்று வரியில் கெடுதல் செய்வது "விரைவில்" என்ற சொல்தான். படிக்கிறவருக்கு வேண்டியது எத்தனை ரூபாய், எந்தத் தேதி என்ற இரண்டு விவரம். அவை இல்லாத நோட்டீஸைக் கம்பெனி மூடப்போகிறது என்றுதான் மெஷின் பக்கம் புரிந்துகொள்வார்கள். மறுநாளே நல்ல ஆப்பரேட்டர் பக்கத்து யூனிட்டில் வேலை விசாரிப்பார். அதனால் நோட்டீஸின் வாசகத்தை யோசிப்பதற்கு முன்பு கணக்கைப் போட்டாக வேண்டும்.

கணக்குக்கும் முன்னால் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். பழைய 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1,000 பேருக்கு மேல் உள்ள இடத்துக்கு 10-ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது, குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவும் மாட்டார்கள். இப்போது இரண்டும் இல்லை. ஆகவே 7-ஆம் தேதிக்குப் பிறகு போகும் இரண்டாம் தவணை, நோட்டீஸ் இருந்தாலும் தாமதம்தான். எல்லோரிடமும் "எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று சில முதலாளிகள் நம்புகிறார்கள். அந்தக் கையெழுத்து கெடுவை நீட்டித்துத் தராது. "தகவல் பெற்றுக்கொண்டேன்" என்று வாங்கினால் போதும். நோட்டீஸ் சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது. தாமதத்தை எவ்வளவு சிறியதாக, எவ்வளவு குறைவானவர்கள் மேல் வைக்கிறோம் என்பதற்கு அது ஓர் எழுத்துச் சான்று, அவ்வளவுதான்.

இனி கணக்கு. 48 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். புரிவதற்காகச் சம்பளத்தை நான்கு படியாகச் சுருக்கியிருக்கிறேன். ஆப்பரேட்டர், ஹெல்பர் 22 பேர், பிடித்தம் போகக் கையில் 16,000. செட்டர், குவாலிட்டி, ஆபீஸ் ஆட்கள் 16 பேர், கையில் 24,000. சூப்பர்வைசர் 7 பேர், 38,000. மேனேஜர் மூன்று பேர், 70,000. மொத்தம் 12,12,000 ரூபாய். மே மாதச் சம்பளம், ஜூன் முதல் வாரம் தர வேண்டியது. பள்ளி திறக்கும் மாதம் என்பதால் பணம் குறைந்தால் அதிகம் வலிக்கும் மாதமும் அதுவே. கரண்ட் பில், ஜிஎஸ்டி எல்லாம் ஒதுக்கிய பிறகு பேங்கில் நிற்பது 10,60,000.

இந்த இடத்தில்தான் முதல் தவறு நடக்கும். 10,60,000-ஐயும் சம்பளத்துக்குப் போட்டுவிட்டால் பற்றாக்குறை ஒன்றரை லட்சம்தானே என்று தோன்றும். ஆனால் அதில் பிஎஃப், இஎஸ்ஐ பணம் கலந்து கிடக்கிறது. பிஎஃப்புக்குரிய ஊதியம் 15,000 என்று வைத்தால், ஊழியர் பங்கு 1,800, நிர்வாகப் பங்கும் இதர கட்டணமும் சேர்த்து 1,950. தலைக்கு 3,750 வீதம் 48 பேருக்கு 1,80,000. இஎஸ்ஐ வரம்பான 21,000-க்குள் வரும் 22 பேருக்கு இரு பங்கும் சேர்ந்து 4 சதவீதம், சுமார் 16,000. இரண்டும் சேர்த்தால் 1,96,000. இதை 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

சம்பளம் பாதிதானே கொடுத்தோம், பிஎஃப்பும் பாதி கட்டலாம் என்பது நடக்காது. சம்பளம் கொடுத்த தேதி அங்கே கணக்கில்லை, மாதத்துக்குச் சேர வேண்டிய முழு ஊதியத்துக்கும் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் அபராதம். எனவே 2 லட்சத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, சம்பளத்துக்கு 8,60,000 மட்டுமே இருக்கிறது என்று கணக்கைத் தொடங்க வேண்டும்.

8,60,000-ஐ 12,12,000-க்கு எப்படிப் பங்கிடுவது? கைக்கு வரும் சுலபமான வழி, எல்லோருக்கும் 70 சதவீதம். எல்லோரும் சமம் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆப்பரேட்டருக்கு 11,200 வரும். அவருக்குக் குறையும் 4,800-க்காக வீட்டுக்காரரும் மளிகைக் கடைக்காரரும் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர் வெளியில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 5,000 வாங்குவார். பன்னிரண்டு நாளில் திருப்பினாலும் ஒரு மாத வட்டி 500 போய்விடும், அதையும் பெரும்பாலும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கம்பெனியின் பணத்தட்டுப்பாட்டுக்கு வட்டி கட்டுகிறவர் 16,000 வாங்குகிறவர் என்று ஆகிவிடுகிறது. 70,000 வாங்கும் மேனேஜருக்கோ 49,000 கையில் வரும், அவர் சேமிப்பைத் தொடக்கூடத் தேவைப்படாது.

இதைவிடச் சரியான வழி, தரை போட்டுப் பிரிப்பது. கீழ்ப்படிச் சம்பளமான 16,000 எல்லோருக்கும் முழுதாக முதல் தவணையிலேயே போகட்டும். 48 பேருக்கு 7,68,000 ஆகும். கையில் மிச்சம் 92,000. தரைக்கு மேல் உள்ள சம்பளம் மொத்தம் 4,44,000, ஆக அதில் 20 சதவீதத்தை முதல் தவணையில் தரலாம். எக்செலில் D பத்தியில் கையில் வரும் சம்பளம் இருந்தால் முதல் தவணைக்கான வரி இது:

```
=MIN(D2,16000)+ROUND(MAX(D2-16000,0)*20%,0)
```

இதன்படி 24,000 வாங்குகிறவருக்கு 17,600, சூப்பர்வைசருக்கு 20,400, மேனேஜருக்கு 26,800 வரும். ஆப்பரேட்டர் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் சூப்பர்வைசர் வரிசையைப் பாருங்கள். 38,000-இல் 20,400. இந்தப் படியில் இருப்பவர்களுக்குத்தான் வீட்டுக்கடன், வண்டிக்கடன் தவணை இருக்கும், வாடகையும் தவணையும் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் நடுவில் ஒரு வரிசை இப்படி நசுங்கும், அதைக் கையால்தான் சரி செய்ய வேண்டும். மூன்று மேனேஜர்களையும் முதலாளி நேரில் கூப்பிட்டுப் பேசி, அவர்கள் முதல் தவணையில் 16,000 மட்டும் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் 32,400 விடுபடும். அதில் ஏழு சூப்பர்வைசர்களுக்கும் ஆளுக்கு 4,600 கூட்டினால் 25,000 ஆகிவிடும். இப்போது முதல் தவணை மொத்தம் 8,56,600, இரண்டாம் தவணை 3,55,400. அந்த மாதம் முதலாளி தன் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணத்தை நிறுத்திவைத்த பிறகே மேனேஜர்களிடம் இதைக் கேட்க முகம் இருக்கும்.

கணக்கை இப்படிப் போட்ட பிறகு நோட்டீஸே மாறிவிடுகிறது. 48 பேரில் 22 பேருக்குச் சம்பளம் பிரியவே இல்லை. உள்ளே இருப்பவர்கள் 26 பேர். ஊரெல்லாம் "அந்தக் கம்பெனியில் சம்பளம் போடவில்லை" என்று பரவும் பேச்சு இதோடு பாதி அடங்கிவிடும்.

இவர்களையும் தவிர்த்துச் சிலரைப் பிரிவினைக்குள் கொண்டுவரவே கூடாது. வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளில் முழுக் கணக்கையும் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அவருக்கு இரண்டாம் தவணை என்று ஒரு தேதி சொல்ல முடியாது. வாரக் கூலிக்காரர்களுக்கு எப்போதும்போலச் சனிக்கிழமை. செக்யூரிட்டி, துப்புரவு வேலைக்கு கான்ட்ராக்டர் அனுப்பும் ஆட்களை மறந்துவிடுவார்கள். அவர் பில்லை நிறுத்தினால் அவர்கள் சம்பளம் நிற்கும், கடைசியில் அந்தப் பொறுப்பு கம்பெனி வாசலுக்குத்தான் வரும்.

அடுத்தது இரண்டாம் தவணைத் தேதி. பணம் தர வேண்டிய கஸ்டமர் "11-ஆம் தேதி போட்டுருவோம்" என்று சொல்லியிருப்பார். நோட்டீஸில் 11 என்று எழுதினால், அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆள் ஒரு நாள் லீவு போட்டாலும் நம் வாக்கு பொய்யாகிவிடும். ஒரு வாரம் சேர்த்து 18 என்று எழுதுங்கள். பணம் முன்னால் வந்தால் முன்னாலேயே கொடுத்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், 18 வரை பணம் வராவிட்டால் 3,55,400 எங்கிருந்து வரும் என்பதற்கு முதலாளியிடம் இன்றே பதில் இருக்க வேண்டும். ஓவர்டிராஃப்டில் இடம் இருக்கிறதா, நகைக்கடனா, வேறொரு சின்ன கஸ்டமரிடம் தள்ளுபடி கொடுத்து முன்பணம் வாங்க முடியுமா? பதில் இல்லையென்றால் தேதி எழுதுவது பொய் வாக்கு. அப்படியே ஜூலை 7-ஐயும் பார்த்துவிடுங்கள். ஜூன் 18-க்குப் பத்தொன்பது நாளில் இன்னொரு 12 லட்சம் வேண்டும். அதற்கு வழி தெரியாமல் "அடுத்த மாதம் வழக்கம்போல்" என்று எழுதக்கூடாது, அந்த வரியை விட்டுவிடுவது நேர்மை.

இத்தனைக்கும் பிறகு நோட்டீஸ் இப்படி அமையும்:

அறிவிப்பு
ஜூன் 1
மே மாதச் சம்பளம் பற்றி

நமக்கு வர வேண்டிய ஒரு பெரிய பில் தொகை தள்ளிப்போனதால், மே மாதச் சம்பளம் முழுவதையும் ஒரே நாளில் தர இயலவில்லை. இதற்காக வருந்துகிறேன்.

கையில் வாங்கும் சம்பளம் 16,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு முழுச் சம்பளமும் ஜூன் 6 அன்று வங்கிக் கணக்கில் ஏறும். அவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

மற்றவர்களுக்கு முதல் தவணை ஜூன் 6, மீதி முழுவதும் ஜூன் 18. உங்கள் தொகை எவ்வளவு என்பது இன்று தரப்படும் சீட்டில் இருக்கிறது. பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஜூன் 18 மாறாது.

பிஎஃப், இஎஸ்ஐ முழு மாதச் சம்பளத்துக்கும் ஜூன் 15-க்குள் கட்டப்படும்.

ஜூன் 6-க்கும் 18-க்கும் இடையில் கடன் தவணை, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் ஜூன் 3 மாலைக்குள் பேரோல் பிரிவில் சொல்லுங்கள். சொன்னது வெளியே போகாது.

ஜூன் மாதச் சம்பளம் ஜூலை 7-க்குள் ஒரே தவணையாகத் தரப்படும்.

கையொப்பம், உரிமையாளர்

முதலாளியே கையெழுத்துப் போட வேண்டும். ஹெச்ஆர் பெயரில் போனால், பெரியவர் ஒளிந்துகொள்கிறார் என்றுதான் அர்த்தமாகும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் இந்தியிலும் ஒன்று அதே நேரத்தில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர்கள் காதுக்குச் செய்தி வாய்மொழியாகப் போனால் 16,000 வரை முழுதாக உண்டு என்ற வரி விடுபட்டுப் போயிருக்கும். காலை ஷிஃப்ட் தொடங்கும்போது முதலாளி ஐந்து நிமிடம் நின்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டுவதே முறை. வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போட்டால் வெளியாள் கைக்கு ஸ்கிரீன்ஷாட் போன பிறகுதான் உள்ளே இருப்பவர் படிப்பார். 6-ஆம் தேதி மாலை சொல்வதைவிட 1-ஆம் தேதி சொல்வதில் ஒரு பெரிய வசதி, தவணை கட்டுகிறவர் தன் பணத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள நாள் கிடைக்கிறது.

அந்தத் தவணைக்காரர்களைப் பற்றி. கடன் தவணை பேங்கில் பெரும்பாலும் காலையிலேயே இழுக்கப்படும், அதனால் முந்தின நாளே பணம் கணக்கில் இருக்க வேண்டும். திரும்பினால் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார், கணக்கு வைத்திருக்கும் பேங்க் இன்னொன்று போடும், சிபில் பதிவிலும் விழும். ஜூன் 3-க்குள் வந்து சொல்பவர்கள் பொதுவாக இரண்டு மூன்று பேர்தான். முதலாளி எடுக்காமல் நிறுத்திய பணத்தில் 30,000 ஒதுக்கி வைத்திருந்தால் அவர்களின் இரண்டாம் தவணையில் ஒரு பகுதியை முன்னாலேயே கொடுத்துவிட முடியும். ஒதுக்காமல் நோட்டீஸில் அந்த வரியை எழுதிவிட்டு, வந்து நிற்பவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்வது எழுதாமல் இருப்பதைவிட மோசம்.

இனி பேரோல் மேஜையில் நடக்கும் தவறுகள். இரண்டு தவணை என்பதால் சாஃப்ட்வேரில் பேரோலை இரண்டு முறை ஓட்டுகிறவர்கள் உண்டு. பிஎஃப் இரண்டு முறை பிடிக்கும், அல்லது முதல் ஓட்டத்தில் பாதிச் சம்பளத்துக்கு இஎஸ்ஐ கணக்காகிவிடும். அப்படிக் குறைத்துக் காட்டிய ஊதியத்தை வைத்துத்தான் அந்த ஊழியருக்குப் பிறகு நோய்க்கால உதவித்தொகையின் தினசரி விகிதம் வரும். பேரோல் ஒரே முறைதான் ஓட வேண்டும், முழு மாதத்துக்கும். பிரிவது பணம் மட்டுமே. ஏட்டில் முழு 12,12,000-ஐயும் கொடுக்க வேண்டிய சம்பளக் கணக்கில் வரவு வைத்து, ஒவ்வொரு தவணையையும் அதிலிருந்து பற்று எழுதினால் 18-ஆம் தேதி அந்தக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். முதல் தவணையை "சம்பள அட்வான்ஸ்" தலைப்பில் எழுதிவிட்டால் அடுத்த மாதம் சாஃப்ட்வேர் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும், அப்போதுதான் உண்மையான சண்டை தொடங்கும்.

பேங்க் ஃபைலில் இன்னொரு ஆபத்து, இரண்டாம் முறை அப்லோட் செய்யும்போது முழுத் தொகைப் பத்தியே மறுபடி போய்விடுவது. ஷீட்டில் E பத்தியில் முதல் தவணை, F பத்தியில் இரண்டாம் தவணை வைத்து, பக்கத்தில் இந்த வரியைப் போட்டால் எல்லா வரிசையிலும் 0 வர வேண்டும்:

```
=D2-E2-F2
```

குறிப்பு வரியில் `SAL MAY PART 1`, `SAL MAY PART 2` என்று இரண்டிலும் SAL இருக்கட்டும். வேறு பெயரில் போன பணத்தைப் பேங்க் சம்பளமாக எண்ணாமல் போகலாம், ஊழியர் பிறகு கடன் கேட்கும்போது ஸ்டேட்மென்ட்டில் பாதிச் சம்பளம்தான் தெரியும். கெடு 7 என்றாலும் 6-ஆம் தேதி போடச் சொன்னதற்குக் காரணம், 48 கணக்கில் ஒன்றிரண்டு திரும்பி வருவதுண்டு. மூடிய கணக்கு, தவறான ஐஎஃப்எஸ்சி. திருத்தி அனுப்ப ஒரு நாள் வேண்டும்.

ஒருவேளை 18-ஆம் தேதியும் தப்பப்போகிறது என்று தெரிந்தால், 16-ஆம் தேதியே சொல்லிவிட வேண்டும், வெறுங்கையோடு சொல்லக்கூடாது. 3,55,400-இல் ஒரு லட்சம்தான் இருக்கிறது என்றால், 24,000 வாங்கும் 16 பேரின் மீதி ஆளுக்கு 6,400, மொத்தம் 1,02,400. அந்த 2,400-ஐ எப்படியாவது புரட்டி அந்தப் படியை முழுதாக முடித்துவிடுங்கள். பத்துப் பேரின் பாக்கி மிச்சமிருப்பதும் இருபத்தாறு பேரின் பாக்கி மிச்சமிருப்பதும் ஒன்றல்ல.

நோட்டீஸை வாங்கிப் படிக்கும் இடத்தில் இருப்பவர்கள், போர்டில் உள்ளதை ஒரு போட்டோ எடுத்து, தொகை எழுதிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 15-ஆம் தேதி கழிந்து சில நாளில் உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து மே மாதப் பதிவு விழுந்திருக்கிறதா, முழு ஊதியத்துக்கா என்று பாருங்கள். சம்பளத்தைப் பிரித்தும் பிஎஃப்பை ஒழுங்காகக் கட்டிய கம்பெனியில் இருப்பது பணத்தட்டுப்பாடு. பிடித்த பிஎஃப்பையே கட்டவில்லை என்றால் விஷயம் அதைவிட ஆழம், இரண்டாம் தவணைக்காகக் காத்திருக்கும்போதே வேறு வேலை தேடுவது நல்லது. பாக்கி வராமலே போனால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தொழிலாளர் துறை அலுவலகம். கோரிக்கை வைக்க மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு, ஆனால் சீட்டும் ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஜூன் 18 அன்று பணம் ஏறியதும் மே மாதச் சம்பளச் சீட்டு ஒன்றே ஒன்று வழங்கப்பட வேண்டும். மேலே முழுச் சம்பளமும் பிடித்தமும், அடியில் இரண்டு வரி: ஜூன் 6, இவ்வளவு, பேங்க் பரிவர்த்தனை எண். ஜூன் 18, இவ்வளவு, பரிவர்த்தனை எண். அதே நாள் மாலை போர்டில் இருக்கும் பழைய நோட்டீஸைக் கிழிக்காமல், அதன் மேலேயே "இரண்டாம் தவணை முழுதும் கொடுத்து முடிந்தது" என்று தேதியோடு எழுதி முதலாளி கையெழுத்திட்டு, ஒரு வாரம் அப்படியே இருக்க விடுங்கள்.